பழைய மெஷினை விற்றால் வரி என்ன ஆகும்?

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனி பழைய மெஷினைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாமா என்று யோசிக்கிறது. புரோக்கர் வந்து பார்த்துவிட்டு ஆறு லட்சம் என்கிறார். கணக்குப் பிள்ளை ஏட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டுகிறார். "கணக்குல இன்னும் ஒன்பது லட்சத்துக்குக் கிட்ட நிக்குதுங்க. மூணு லட்சம் நட்டத்துக்கு எப்படிங்க கொடுக்கறது?" முதலாளியும் சரி, விலை ஏறட்டும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார். மெஷினுக்கு மேலும் ஒரு வயது கூடுகிறது.

தொழில் செய்யும் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஏட்டில் நிற்கும் மதிப்புக்குக் கீழே விற்றால் நட்டம், மேலே விற்றால் லாபம், லாபம் வந்தால் வரி, நட்டம் வந்தால் வரிச்சலுகை என்பது பொதுவான எண்ணம். நிதி மேலாண்மைப் பாடப்புத்தகங்களும் இப்படித்தான் கணக்குப் போடக் கற்றுத் தருகின்றன. ஆனால் இந்திய வருமான வரிச் சட்டம் 1988ஆம் ஆண்டிலிருந்து வேறு வழியில் நடக்கிறது. அந்த வேறுபாடு தெரியாமல் மெஷினை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தால், விடையே மாறிப்போகக் கூடும்.

புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 2020 ஏப்ரலில் 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு நிட்டிங் மெஷின் வாங்கியது. ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரிச் சட்டம் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் தருகிறது. அதுவும் குறைந்து செல் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பின் மீது. முதல் ஆண்டு முடிவில் 17 லட்சம், அடுத்து 14.45 லட்சம் என்று இறங்கி, ஐந்து ஆண்டு முடிந்த 2025 மார்ச் 31 அன்று 8.87 லட்சத்தில் நிற்கிறது. இதுதான் வரிக் கணக்கில் அந்த மெஷினின் ஏட்டு மதிப்பு. கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் வரி 25.168 சதவீதம் ஆகும். நூறு ரூபாய் லாபத்துக்கு ஏறக்குறைய 25 ரூபாய்.

முதலில் பாடப்புத்தக வழியைப் பார்ப்போம். 8.87 லட்சம் நிற்கும் மெஷினை 6 லட்சத்துக்கு விற்றால் 2.87 லட்சம் நட்டம். அந்த நட்டத்தை அந்த ஆண்டின் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று புத்தகம் சொல்கிறது. அதனால் மிச்சமாகும் வரி சுமார் 72,300 ரூபாய். ஆக, மெஷினை விற்றதால் கைக்கு வந்தது 6 லட்சம் அல்ல, 6.72 லட்சம். அதே மெஷின் 12 லட்சத்துக்குப் போயிருந்தால் 3.13 லட்சம் லாபம். அதற்குச் சுமார் 78,700 ரூபாய் வரி கட்ட வேண்டும். கைக்கு நிற்பது 11.21 லட்சம்.

இந்த வழி எங்கிருந்தோ முளைத்ததல்ல. அமெரிக்க வருமான வரியில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பொதுவாகத் தனித்தனியாகவே கணக்கு பார்க்கிறார்கள். இந்தியாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மெஷினை ஏட்டு மதிப்புக்குக் கீழே விற்றால் மீதியை அந்த ஆண்டே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். மேலே விற்றால், அதுவரை எடுத்த தேய்மானத்தின் அளவுக்கு அந்த ஆண்டின் தொழில் வருமானமாகச் சேர்த்து வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு தறிக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஏடு வைத்துத் தேய்மானம் எழுதுவது கம்பெனிகளுக்கும் வரித் துறைக்கும் பெரும் பாடாக இருந்தது. அதைத் தவிர்க்க 1988-89 மதிப்பீட்டு ஆண்டு முதல் சொத்துகளைத் தொகுதியாகப் பார்க்கும் முறை வந்தது. ஆடிட்டர்கள் அதை பிளாக் என்பார்கள். 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் இதே தொகுதி முறையைத்தான் வைத்திருக்கிறது.

தொகுதி என்பது ஒரு பொதுப் பானை மாதிரி. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே தேய்மான விகிதம் கொண்ட சொத்துகள் எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. 15 சதவீத இயந்திரத் தொகுதியில் நிட்டிங் மெஷினும் இருக்கும், ஜெனரேட்டரும் இருக்கும், கம்பெனி காரும் இருக்கும். உள்ளே போன பிறகு எது எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் தொகுதியில் இருந்த மதிப்புடன் அந்த ஆண்டு வாங்கியதைச் சேர்க்க வேண்டும். விற்றதில் வந்த பணத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதன் மீது 15 சதவீதம் தேய்மானம்.

இங்கே கழிக்கப்படுவது விற்ற விலை. மெஷினின் ஏட்டு மதிப்பு அல்ல.

மாதிரிக் கம்பெனியின் தொகுதியில் பழைய மெஷினையும் சேர்த்து 40 லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய மெஷின் 30 லட்சம். பழையது 6 லட்சத்துக்குப் போனால் தொகுதியில் மிஞ்சுவது 64 லட்சம், அந்த ஆண்டுத் தேய்மானம் 9.6 லட்சம். பழையது 12 லட்சத்துக்குப் போனால் தொகுதி 58 லட்சம், தேய்மானம் 8.7 லட்சம். இரண்டு கணக்கிலும் 8.87 லட்சம் என்ற எண் எங்கும் வரவில்லை. லாபம் என்றோ நட்டம் என்றோ தனியாக ஒரு வரியும் இல்லை. ஆறு லட்சம் கூடுதலாக வாங்கியதற்கு அந்த ஆண்டில் கொடுத்த விலை, தேய்மானம் 90,000 ரூபாய் குறைந்து வரி 22,650 ரூபாய் கூடியது மட்டுமே.

அப்படியானால் அந்த 2.87 லட்சம் நட்டம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, தொகுதிக்குள்ளேயே தங்கிவிட்டது. மெஷின் போய்விட்டது, ஆனால் அதன் மதிப்பில் விற்காமல் மிஞ்சிய பகுதி இன்னும் உள்ளே இருந்து ஆண்டுதோறும் 15 சதவீதம் கரைந்துகொண்டிருக்கும். முதல் ஆண்டில் அதனால் கிடைக்கும் வரிச்சலுகை சுமார் 10,850 ரூபாய். அடுத்த ஆண்டு 9,200 போல. ஐந்து ஆண்டு காத்திருந்தால் மொத்தம் 40,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். புத்தகம் உடனே தருவதாகச் சொன்ன 72,300 ரூபாயும் முழுதாக வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். லாபத்துக்கு விற்றாலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. 78,700 ரூபாய் வரியை உடனே கட்ட வேண்டியதில்லை. குறைந்த தேய்மானத்தின் வழியாக அது மெதுமெதுவாக, பல ஆண்டுகளில் போகும்.

பிறகு வரும் பணம் இன்றைய பணத்துக்குச் சமமல்ல. கம்பெனி தன் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், பல ஆண்டுகளில் பரவும் இந்தச் சலுகையின் இன்றைய மதிப்பை எளிதாகக் கணிக்கலாம். தேய்மான விகிதமான 15ஐ, 15உம் 12உம் சேர்ந்த 27ஆல் வகுத்தால் போதும், 0.556 கிடைக்கும். அதாவது உடனே கிடைத்திருக்க வேண்டிய ஒவ்வொரு ரூபாய் வரிச்சலுகையும் தொகுதி முறையில் சுமார் 56 பைசாவுக்குத்தான் சமம். 72,300 ரூபாய் 40,200 ஆகச் சுருங்குகிறது. மேலே விற்றவருக்கோ 78,700 ரூபாய் வரிச்சுமை 43,700 ஆகக் குறைகிறது. பாடப்புத்தக வழி நட்டத்துக்கு விற்பவருக்கு இல்லாத நன்மையைக் காட்டுகிறது, லாபத்துக்கு விற்பவருக்கு இல்லாத பாரத்தைக் காட்டுகிறது.

இதிலிருந்து முதலாளிகளுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரு கணக்கு கிடைக்கிறது. பழைய மெஷினை விற்று வரும் ஒவ்வொரு 100 ரூபாயும் தொகுதியிலிருந்து 100 ரூபாய்த் தேய்மானத்தை எதிர்காலத்தில் பறிக்கிறது. அந்தத் தேய்மானத்தின் வரிப் பலன் இன்றைய மதிப்பில் 25.168ஐ 0.556ஆல் பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 14 ரூபாய். ஆகவே இந்தக் கம்பெனிக்கு, பழைய மெஷினில் வரும் ஒவ்வொரு 100 ரூபாயின் உண்மை மதிப்பு 86 ரூபாய். 6 லட்சத்துக்கு விற்றால் 5.16 லட்சம், 12 லட்சத்துக்கு விற்றால் 10.32 லட்சம். ஏட்டில் 9 லட்சம் நின்றாலும் 2 லட்சம் நின்றாலும் இது மாறாது. கணக்குப் பிள்ளை சுட்டிக்காட்டிய அந்த ஒன்பது லட்சத்துக்கு முடிவில் எந்த வேலையும் இல்லை.

இந்த வேறுபாடு முடிவையே புரட்டுமா? எல்லா நேரமும் புரட்டாது. பல திட்டங்களில் லாபமோ நட்டமோ தெளிவாகத் தெரியும், முப்பதாயிரம் ரூபாய் அங்குமிங்கும் போவதால் எதுவும் மாறாது. ஆனால் விளிம்பில் நிற்கும் திட்டத்தில் புரட்டும். புதிய மெஷின் கரண்டிலும் கூலியிலும் கழிவிலும் ஆண்டுக்கு 4.85 லட்சம் மிச்சப்படுத்தும், பத்து ஆண்டு ஓடும், கடைசியில் விலை எதுவும் பெறாது என்று கொள்வோம். பாடப்புத்தக வழியில், நட்டத்தின் வரிச்சலுகை உடனே கிடைப்பதாகக் கணக்கிட்டால், மெஷினை மாற்றுவது இன்றைய மதிப்பில் சுமார் 18,000 ரூபாய் லாபம் காட்டும். மாற்று என்று சொல்லும். தொகுதி முறையில் போட்டால் அதே திட்டம் சுமார் 14,000 ரூபாய் நட்டம் காட்டும். மாற்றாதே என்று சொல்லும். மெஷின் ஒன்று, விலை ஒன்று, மிச்சமும் ஒன்றுதான். வரி எந்த ஆண்டில் கைக்கு வருகிறது என்பது மட்டும்தான் மாறியது.

இன்னொரு குழப்பம் எந்த ஏடு என்பதிலேயே இருக்கிறது. கம்பெனிச் சட்டப்படி தயாரிக்கும் பேலன்ஸ் ஷீட் வேறு, வருமான வரிக்கான தேய்மான அட்டவணை வேறு. கம்பெனிச் சட்டம் பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு ஆயுள் கணக்கிடுகிறது. நேர்க்கோட்டு முறையில், கடைசியில் 5 சதவீதம் மிச்சம் வைத்து எழுதினால், அதே 20 லட்ச ரூபாய் மெஷின் ஐந்து ஆண்டு முடிவில் பேலன்ஸ் ஷீட்டில் 13.67 லட்சத்தில் நிற்கும். 12 லட்சத்துக்கு விற்றால் அங்கே 1.67 லட்சம் நட்டம் என்று எழுதுவார்கள். வரிக் கணக்கில் தனி மெஷினாகப் பார்த்தாலோ அது 3.13 லட்சம் லாபம். ஒரே விற்பனை, ஓர் ஏட்டில் நட்டம், மறு ஏட்டில் லாபம். வரிக் கணக்குப் போடும்போது லாப நட்டக் கணக்கில் எழுதிய அந்த 1.67 லட்சத்தை ஆடிட்டர் திரும்பக் கூட்டிவிடுவார். நட்டக் கணக்கு எழுதியதால் வரி குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. இந்த விஷயத்தில் பேலன்ஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு, வருமான வரி ரிட்டர்னில் DPM என்ற அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். இயந்திரத் தொகுதியில் தொடக்க மதிப்பும், சேர்த்ததும், கழித்ததும் அங்கேதான் இருக்கின்றன.

தொகுதி உயிரோடு இருக்கும்வரைதான் இவ்வளவும். அது தீர்ந்துபோனால் விளையாட்டே மாறிவிடுகிறது. உண்மையான அடி விழுவதும் இங்கேதான்.

தொகுதி இரண்டு வகையில் தீரும். ஒன்று, விற்ற விலை தொகுதியின் மொத்த மதிப்பையே தாண்டிவிடுவது. சிறிய கம்பெனி ஒன்றின் தொகுதியில் 8.87 லட்ச ரூபாய் மெஷினும் 2 லட்ச ரூபாய்க் காரும் மட்டும் இருக்கின்றன, வேறெதுவும் அந்த ஆண்டு வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 12 லட்சத்துக்குப் போனால் தொகுதியின் 10.87 லட்சமும் கரைந்து, மேலே 1.13 லட்சம் நிற்கும். அது குறுகிய கால மூலதன ஆதாயம். மெஷினை ஐந்து ஆண்டு வைத்திருந்தாலும் பத்து ஆண்டு வைத்திருந்தாலும் சட்டம் அதைக் குறுகிய காலம் என்றே கொள்ளும், அந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் தொகுதி பூஜ்யமாகிவிட்டதால் அதற்குத் தேய்மானம் கிடையாது.

மற்றது, தொகுதியில் இருந்த எல்லாச் சொத்தும் போய்விடுவது, ஆனால் மதிப்பில் மிச்சம் நிற்பது. இருந்த ஒரே மெஷினை 6 லட்சத்துக்கு விற்றுவிட்டால் மிஞ்சும் 2.87 லட்சத்தை ஏந்திக்கொள்ள அங்கே சொத்து எதுவும் இல்லை. அந்த ஆண்டு அதற்குத் தேய்மானமும் இல்லை. அது குறுகிய கால மூலதன நட்டமாகிறது. தொழில் லாபத்தில் அதைக் கழிக்க முடியாது. நிலமோ பங்கோ விற்று வரும் மூலதன ஆதாயத்தில் மட்டும்தான் கழிக்கலாம். எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம், அதற்குள் அப்படி ஓர் ஆதாயம் வராவிட்டால் நட்டம் வீணாகும். நிட்டிங் மட்டுமே செய்யும் சிறிய கம்பெனிக்கு மூலதன ஆதாயம் எங்கிருந்து வரும்?

இந்த அடியில் சிக்குபவர்கள் பெரும்பாலும் நாட்களைக் கவனிக்காதவர்கள். பழைய மெஷினை மார்ச்சில் கொடுத்துவிட்டு, புதியது ஏப்ரலில் வந்து இறங்கினால், நடுவில் மார்ச் 31 விழுகிறது. அன்று தொகுதி காலியாக இருந்தால், ஒரு வாரத்தில் புதிய மெஷின் வரப்போகிறது என்று சொல்லிப் பயனில்லை. புதியதை மார்ச் 31க்குள் வாங்கியிருந்தாலோ, பழையதை ஏப்ரலில் விற்றிருந்தாலோ இந்தத் தொல்லையே இல்லை. லாபமோ நட்டமோ புதிய மெஷினின் மதிப்புக்குள் அடங்கிவிடும். புதியதும் அதே தொகுதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 15 சதவீதத் தொகுதியில் இருந்த ஜெனரேட்டரைக் கொடுத்துவிட்டு 40 சதவீதத் தேய்மானம் உள்ள சோலார் பேனல் வாங்கினால், பேனலின் விலை ஜெனரேட்டர் இருந்த தொகுதியைக் காப்பாற்றாது.

தொகுதியில் நிறையச் சொத்து இருக்கும் கம்பெனிக்கும் நாள் முக்கியம்தான், அடி சற்று மெதுவாக விழும் என்பது மட்டுமே வேறுபாடு. பதினோரு மாதம் ஓடிய மெஷினை மார்ச் 30 அன்று விற்றாலும் அந்த 6 லட்சம் முழுதும் அந்த ஆண்டுத் தொகுதியிலிருந்து கழிந்துவிடும். மூன்று நாள் தள்ளி ஏப்ரல் 2 அன்று விற்றால் 90,000 ரூபாய்த் தேய்மானம் இன்னோர் ஆண்டு கைவசம் இருக்கும். வாங்கும் பக்கத்திலும் இதே போன்ற ஒரு வேலி உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான். சாதாரண ஆண்டில் அக்டோபர் 3 அன்றோ அதற்கு முன்போ ஓடத் தொடங்கினால் முழுத் தேய்மானம் கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும் நமது 30 லட்ச ரூபாய் மெஷினுக்கு அந்த ஆண்டு 2.25 லட்சம் தேய்மானம் குறையும், வரி 56,600 ரூபாய் கூடும். அது பின்னால் வந்து சேரும் என்றாலும், மெஷினுக்குத் தவணை கட்டத் தொடங்கும் ஆண்டில் அந்தப் பணம் பெரிது.

இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லிவிட வேண்டும். மின் உற்பத்தி நிறுவனங்களில் வரிக்கு நேர்க்கோட்டு முறையைத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இன்றும் ஒவ்வொரு சொத்துக்கும் தனிக் கணக்குதான். அங்கே பாடப்புத்தக வழி பொருந்தும், ஏட்டு மதிப்புக்கு மேலா கீழா என்ற கேள்விக்கும் பொருள் உண்டு. வரி கட்டும் அளவுக்கு லாபமே இல்லாத கம்பெனியின் நிலை வேறு. தேய்மானம் கூடினாலும் குறைந்தாலும் இப்போது வரியில் எந்த மாற்றமும் இராது. கழிக்க முடியாத தேய்மானம் வருங்கால லாபத்துக்காகக் காத்திருக்கும். அதுவரை 100 ரூபாய்க்கு 86 என்ற கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது.

மற்றவர்கள் புரோக்கரிடம் விலை பேசும் முன் ஆடிட்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: "நம்ம 15 சதவீத பிளாக்குல இப்ப எவ்வளவு நிக்குதுங்க? புது மெஷின் மார்ச் 31க்குள்ள வந்துடுமா?" பிளாக்கில் போதிய மதிப்பு இருந்து, புதியதும் அதற்குள் வந்துவிடும் என்றால், பழைய மெஷினின் ஏட்டு மதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, புரோக்கர் தரும் விலையில் 86 சதவீதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.